நூற்றுக்கு இரண்டு பைசா

வீட்டுக் கடன் வாங்கியவர்களின் கைப்பேசிக்கு எப்போதாவது ஒரு குறுஞ்செய்தி வரும். உங்கள் கடனுக்கான வட்டி விகிதம் 8.50 சதவீதத்திலிருந்து 8.75 ஆக மாறியிருக்கிறது, மாதத் தவணையில் மாற்றம் இல்லை என்று சொல்லும். படிப்பவருக்குக் கடைசி வரிதான் கண்ணில் படும். தவணை ஏறவில்லை, மாதச் செலவுக்குப் பங்கமில்லை. அதோடு அந்தச் செய்தியை மறந்துவிடுவார்.

கால் சதவீதம் என்பது எவ்வளவு? நம் ஊர் அடகுக் கடைக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். அங்கே வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்வதில்லை. ‘ஒரு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், ‘ரெண்டு வட்டி’ என்றால் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீதம் என்பதுதான் ஒரு வட்டி. அந்தப் பாஷையில் 8.50 சதவீதம் என்பது நூற்றுக்கு மாதம் 71 பைசா. 8.75 சதவீதம் என்றால் 73 பைசா. ஆகக் கூடியது நூற்றுக்கு இரண்டு பைசா.

30 லட்ச ரூபாயை 20 ஆண்டுக் கடனாக வாங்கியவருக்கு, தொடக்கத்திலேயே ஏறும் இந்த இரண்டு பைசா ஒரு லட்சத்துச் சொச்ச ரூபாயைக் கூடுதல் வட்டியாக்கும். அதே இரண்டு பைசா மூன்று லட்சத்துக்கு மேலும் போகலாம். எது நடக்கும் என்பது ‘தவணையில் மாற்றம் இல்லை’ என்ற அந்த ஒரு வரியில் இருக்கிறது.

தவணை எப்படிப் பிறக்கிறது

வங்கி ஒவ்வொரு மாதமும் செய்யும் கணக்கு மிக எளியது. அன்றைக்கு எவ்வளவு அசல் பாக்கி இருக்கிறதோ அதற்கு மட்டும் ஒரு மாத வட்டி போடும். பாக்கியை வட்டி விகிதத்தால் பெருக்கி 1,200-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி கிடைத்துவிடும். சதவீதத்துக்கு ஒரு நூறு, மாதங்களுக்கு ஒரு பன்னிரண்டு, இரண்டையும் பெருக்கினால் 1,200.

30 லட்சத்துக்கு 8.50 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி 21,250 ரூபாய். தவணையில் இந்த வட்டி போக மிச்சமிருப்பது அசலில் கழியும். அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறைந்திருக்கும், வட்டியும் கொஞ்சம் குறையும், அசலுக்குப் போகும் பங்கு அந்த அளவுக்குக் கூடும். தவணைத் தொகை மாறாமல் இருக்க, அதற்குள்ளே வட்டியும் அசலும் மாதா மாதம் இடம் மாறிக்கொண்டிருக்கும்.

சரியாக 240-ஆவது மாதத்தில் பாக்கி பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும். அதற்கு ஏற்ற ஒரே தொகையைக் கண்டுபிடித்துத் தருவதுதான் இந்தச் சூத்திரம்:

```
EMI = P × r × (1+r)^n ÷ ((1+r)^n − 1)
```

P என்பது கடன் தொகை. r என்பது மாத வட்டி, அதாவது 8.5-ஐ 1,200-ஆல் வகுத்து வரும் 0.0070833. n என்பது மாதங்களின் எண்ணிக்கை. (1+r)^n என்பது மிரட்டுவது போலத் தெரிந்தாலும் பொருள் எளியதுதான். ஒரு ரூபாயை இதே வட்டிக்கு விட்டு, வட்டியையும் எடுக்காமல் 240 மாதம் வைத்திருந்தால் எவ்வளவாக வளரும் என்ற கேள்விக்கான விடை அது. 5.4412 ரூபாயாக வளரும். P × r என்பது நாம் ஏற்கெனவே கண்ட முதல் மாத வட்டி. ஆக 21,250-ஐ 5.4412-ஆல் பெருக்கி 4.4412-ஆல் வகுத்தால் 26,035 ரூபாய். இதுதான் மாதத் தவணை.

முதல் மாதம் 26,035 ரூபாய் கட்டுகிறோம். அதில் 21,250 வட்டிக்குப் போய்விடுகிறது. அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டும். ஐந்து வருடம் தவறாமல் கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போன தொகை 15.62 லட்சம், அசலில் குறைந்ததோ 3.56 லட்சம்தான். வாங்கிய கடனில் சரிபாதியை அடைக்க ஏறத்தாழ 13 வருடம் 10 மாதம் ஆகும். ‘பத்து வருஷமாகக் கட்டுகிறேன், பாதிகூட முடியவில்லையே’ என்று யாராவது அங்கலாய்த்தால், வங்கி கணக்கில் தப்பு செய்துவிட்டது என்று பொருளில்லை. கணக்கே அப்படித்தான்.

20 வருடமும் வட்டி மாறாமல் இருந்தால் மொத்தம் கட்டுவது 62.48 லட்சம். வாங்கிய 30 லட்சம் போக, வட்டி மட்டும் 32.48 லட்சம்.

இரண்டு பைசா ஏறும்போது

இப்போது வட்டி 8.75 ஆகிறது. பாக்கி இன்னும் 30 லட்சத்தை ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி 21,250-இலிருந்து 21,875 ஆகிவிடும். கூடுதல் 625 ரூபாய். இந்த 625-ஐ யாராவது கொடுத்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, தவணையை ஏற்றிக் கடனை அதே 20 வருடத்தில் முடிப்பது. புதிய தவணை 26,511 ரூபாய். மாதத்துக்கு 477 ரூபாய் கூடுதல். 240 மாதங்களுக்குக் கணக்குப் போட்டால் மொத்த வட்டி 1.14 லட்சம் கூடுகிறது.

இரண்டாவது வழி, தவணையை 26,035-லேயே நிறுத்திவிட்டு மாதங்களை நீட்டுவது. இங்கேதான் கணக்கு வேறு முகம் காட்டுகிறது. கூடுதல் வட்டியான 625 ரூபாயை அசலுக்குப் போகவேண்டிய பங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பங்கே 4,785 ரூபாய்தான். அதில் 625 போனால் மிச்சம் 4,160. வட்டி ஏறியது 8.50-இல் கால் சதவீதம்தான், ஆனால் அசலை அடைக்கும் வேகம் 13 சதவீதம் குறைந்துவிட்டது. அசல் மெதுவாகக் குறைவதால் அடுத்த மாத வட்டி கூடுகிறது, அதனால் அசல் இன்னும் மெதுவாகக் குறைகிறது. இப்படியே போய் 240 மாதத்தில் முடிய வேண்டிய கடன் முடிய 252 மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வருடத்துக்கும் சற்று அதிகமாக, மாதம் 26,035 வீதம் கட்டவேண்டி வரும். கூடுதல் வட்டி 3.24 லட்சம்.

ஏற்றம் ஒரு சதவீதம் என்றால் வித்தியாசம் பூதாகரமாகும். முதல் மாத வட்டியில் 2,500 ரூபாய் ஏறும். அசலுக்குப் போன 4,785-இல் இது பாதிக்கும் மேல். மிஞ்சுவது 2,285 ரூபாய். கடன் முடிய 309 மாதங்கள், அதாவது 25 வருடம் 9 மாதம் ஆகும்.

| வட்டி மாற்றம் | தவணையை ஏற்றினால் கூடும் வட்டி | மாதத்தை நீட்டினால் கூடும் வட்டி |
|---|---|---|
| 8.50 → 8.75 | 1.14 லட்சம் (தவணை 26,511) | 3.24 லட்சம் (12 மாதம் கூடுதல்) |
| 8.50 → 9.50 | 4.63 லட்சம் (தவணை 27,964) | 17.85 லட்சம் (69 மாதம் கூடுதல்) |

இரண்டாவது வரியை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். மாதம் 1,929 ரூபாய் கூடுதலாகக் கட்டச் சம்மதித்தவருக்கு 4.63 லட்சம் செலவு. ‘தவணை மாறவில்லை’ என்று நிம்மதியாக இருந்தவருக்கு 17.85 லட்சம்.

இதை வங்கியின் ஏமாற்று வேலை என்று சொல்லவும் முடியாது. தவணையை ஏற்றாதபோது நாம் செய்வது என்ன? மாதம் 477 ரூபாயை வங்கியிடமே புதிதாகக் கடன் வாங்குகிறோம், அதே 8.75 சதவீத வட்டிக்கு. 20 வருடம் மாதா மாதம் வாங்கிய அந்தக் குட்டிக் கடன்கள் வட்டியோடு குட்டிபோட்டுக் கடைசியில் வந்து நிற்பதுதான் அந்தப் பன்னிரண்டு மாதத் தவணை. குடும்பத்தில் வருமானம் தடுமாறும் காலத்தில் இப்படி மூச்சு வாங்க இடம் கிடைப்பது உதவிதான். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி ஓடும் கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால், கையில் இருக்கும் 477-ஐ முதலில் அங்கே கட்டுவதுதான் புத்திசாலித்தனம். சிக்கல் நீட்டிப்பில் இல்லை. தான் புதுக் கடன் வாங்குகிறோம் என்று தெரியாமலே ஒருவர் வாங்கிக்கொண்டிருப்பதில்தான் இருக்கிறது.

தவணை வட்டிக்கே போதாத காலம்

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை, வங்கிக்கு வெளியே உள்ள ஓர் அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போ விகிதத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டன. ரெப்போவுக்கு மேல் வங்கி தனக்கென்று ஒரு பங்கைச் சேர்த்து நம் வட்டியை நிர்ணயிக்கும். ரெப்போ மாறினால் அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் நம் வட்டியும் மாறிவிட வேண்டும்.

2020 மே மாதத்தில் ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியது. வீட்டுக் கடன் 7 சதவீதத்துக்கும் கீழே கிடைத்தது. பிறகு 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-இலிருந்து 6.50-க்கு ஏறியது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம்.

6.75 சதவீதத்தில் 30 லட்சத்தை 20 ஆண்டுக்கு வாங்கியவரின் தவணை 22,811 ரூபாய். வட்டி 9.25 ஆனபோது 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,125. தவணையைவிட வட்டி பெரிதாகிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் அசல் சற்றுக் குறைந்திருந்தாலும், கிட்டத்தட்டத் தவணை முழுவதும் வட்டிக்கே போகும் நிலை. இப்படிக் கட்டினால் கடன் எந்தக் காலத்திலும் முடியாது. மாதத்தை எவ்வளவு நீட்டியும் பயனில்லை, கூட்டவும் வழியில்லாத சூத்திரம் அங்கே விடை தராமல் நின்றுவிடும். கந்துவட்டியில் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே அசல் அப்படியே கிடப்பது போன்ற நிலை அது. கடன் காலத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, வாங்கியவரின் ஓய்வு வயதையும் வங்கி பார்க்கும். அதனால் பலருக்கு ஒரு கட்டத்தில் தவணையும் சேர்ந்தே ஏறியது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது அது தவணையை அல்லது காலத்தை எப்படிப் பாதிக்கும் என்று கடன்தாரரிடம் தெரிவிக்க வேண்டும். தவணையை ஏற்றுவதா, மாதத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். நிலையான வட்டிக்கு மாறவும் வழி தர வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை அப்போது சொன்னது. ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்கூட்டியே அடைக்க வழி இருக்க வேண்டும். காலத்தை நீட்டும்போது தவணை வட்டிக்கே போதாத நிலை வரக் கூடாது. காலாண்டுக்கு ஒருமுறை தரும் ஸ்டேட்மென்ட்டில், அதுவரை பிடித்த அசல், வட்டி, தவணைத் தொகை, இன்னும் எத்தனை தவணை பாக்கி, ஆண்டு வட்டி எவ்வளவு என்பவை இருக்க வேண்டும். ஆகவே, தேர்வு நம்முடையது. நாம் வாய் திறக்காதபோது குறுஞ்செய்தியின் கடைசி வரி நமக்காகத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

வட்டி இறங்கும்போது

2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ 6.50-இலிருந்து 5.50-க்கு இறங்கியது. இப்படி இறங்கும் நேரத்தில் அதே கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும். நம் 30 லட்சக் கடனில் 8.50 சதவீதம் 8.25 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தவணையைக் குறைக்கச் சொன்னால் மாதம் 473 ரூபாய் மிச்சம், மொத்த வட்டியில் 1.13 லட்சம் குறையும். தவணையை அப்படியே விட்டுவிட்டால் கடன் 229 மாதத்தில் முடிந்துவிடும், வட்டியில் 2.78 லட்சம் குறையும். ஆக ஏறும்போது தவணையையும் ஏற்றுவது, இறங்கும்போது தவணையை இறக்காமல் விடுவது. இரண்டிலும் அசலுக்குப் போகும் பங்கைக் காப்பாற்றுகிறோம்.

வீட்டு வசதி நிதி நிறுவனங்களில் கடன் வாங்கியவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெளி அளவுகோல் விதி வங்கிகளுக்கு உரியது. நிதி நிறுவனங்கள் தங்கள் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். அதனால் ரெப்போ இறங்கியும் பழைய வாடிக்கையாளரின் வட்டி இறங்காமல் இருக்கலாம். அப்படியென்றால், புதிதாகச் சேருபவர்களுக்கு என்ன வட்டி தருகிறார்கள் என்று கேட்டு, அந்த விகிதத்துக்கு மாற என்ன கட்டணம் என்று விசாரிக்கலாம். வித்தியாசம் அரை சதவீதம் என்றாலே அந்தக் கட்டணத்தைப் பல மடங்கு மிஞ்சும் சேமிப்பு கிடைக்கும், கடன் இளசாக இருந்தால்.

இளங்கடன், முதுங்கடன்

அந்த ‘இளசாக இருந்தால்’ என்பதுதான் இந்தக் கணக்கின் நிபந்தனை. 15 வருடம் கட்டி முடித்தவரிடம் பாக்கி 12.69 லட்சம். அவர் கட்டும் 26,035-இல் அசல் பங்குதான் பெரிது. அவருக்கு வட்டி கால் சதவீதம் ஏறினால், தவணையை மாற்றாமல் இருந்தாலும் கடன் அரை மாதம்கூட நீளாது. கூடுதல் செலவு 11,500 ரூபாய் அளவில்தான் இருக்கும். அவர் அந்தக் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு மறந்துவிட்டால் பெரிய நஷ்டமில்லை.

முன்கூட்டிக் கட்டும் பணத்துக்கும் இதுவே விதி. முதல் வருட முடிவில் ஒரு லட்ச ரூபாயை அசலில் செலுத்தி, தவணையை மாற்றாமல் விட்டால் 18 மாதம் முன்னதாகக் கடன் தீரும். வட்டியில் 3.70 லட்சம் மிச்சமாகும். அதே ஒரு லட்சத்தைக் கடைசி இரண்டு வருடத்தில் செலுத்தினால் மிச்சம் சில ஆயிரங்கள்தான். தனிநபர்களின் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்ற விதி இருப்பதால், போனஸோ சீட்டுப் பணமோ வரும்போது இதைச் செய்யலாம். பணத்தைச் செலுத்தும்போது தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுத்தில் கொடுப்பது முக்கியம்.

வீட்டிலேயே சரிபார்க்க

இதற்கெல்லாம் வங்கியின் தயவு தேவையில்லை. ஸ்டேட்மென்ட்டை எடுத்து அசல் பாக்கியை வட்டியால் பெருக்கி 1,200-ஆல் வகுத்துப் பாருங்கள். தவணையிலிருந்து அதைக் கழித்தால் இந்த மாதம் அசலில் எவ்வளவு போகிறது என்று தெரியும். நாட்களை எண்ணி வட்டி போடும் வங்கிகளில் மாதத்துக்கு மாதம் முன்பின்னாக இருக்கும். மற்ற வங்கிகளில், போன மாதத்தைவிட இந்த மாதம் அசல் பங்கு குறைந்திருந்தால் வட்டி ஏறியிருக்கிறது, ஆனால் தவணை ஏறவில்லை என்று பொருள்.

எத்தனை மாதம் நீண்டிருக்கிறது என்று பார்க்க, கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள எக்செல் போதும். முதல் வரி தவணையைச் சொல்லும், இரண்டாவது வரி மாதங்களைச் சொல்லும்:

```
=PMT(8.5%/12, 240, -3000000)
=NPER(8.75%/12, -26035, 3000000)
```

30 லட்சத்துக்குப் பதில் உங்கள் பாக்கியை, 26,035-க்குப் பதில் உங்கள் தவணையை, 8.75-க்குப் பதில் உங்கள் இன்றைய வட்டியைப் போடுங்கள். இரண்டாவது வரியில் வரும் எண்ணையும், கடன் வாங்கியபோது சொன்ன கணக்குப்படி இன்னும் எத்தனை மாதம் இருக்க வேண்டுமோ அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல வருடம் கட்டிய பிறகும் பாக்கி மாதம் ஆரம்பத்தில் இருந்த அளவிலேயே நிற்பதை 2022-க்குப் பிறகு கண்டவர்கள் நிறைய உண்டு.

பிறகு வங்கிக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போதும். ‘வட்டி மாற்றத்துக்கு ஏற்ப என் மாதத் தவணையை மாற்றிக்கொள்கிறேன், கடன் காலத்தை நீட்ட வேண்டாம்’ என்று இரண்டு வரி. மாதம் 477 ரூபாய் கூடும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 ரூபாய், தெருமுனைக் கடையில் ஒரு டீயின் விலை.